கிடைக்காத 120, கூடுதலாகக் கிடைத்த 85

கேள்வி: எங்கள் தொழிற்சாலையின் சொத்துப் பதிவேட்டில் 1,240 வரிகள் இருக்கின்றன. இந்த ஆண்டுதான் முதல்முறையாக எல்லாவற்றையும் நேரில் போய்ச் சரிபார்த்தோம். 1,120 கிடைத்தன, 120 கிடைக்கவில்லை. பதிவேட்டில் இல்லாத 85 பொருள்கள் தளத்தில் இருந்தன. “கிடைக்காததைத் தள்ளுபடி செய், கிடைத்ததை இன்றைய விலைக்குச் சேர், முடிந்தது” என்கிறார் நிதி மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிடைத்த 1,120-க்கும் ‘நிலை: நன்று’ என்று வந்திருப்பதும் உறுத்துகிறது. மாதிரிக்குக் கம்ப்ரசர் அறையின் பக்கத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: மேலாளர் சொன்ன இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். அந்த 120-ம் இந்த 85-ம் தனித்தனிப் பட்டியல்கள் அல்ல. பெரும்பாலும் ஒரே பொருள்தான் பதிவேட்டில் ஒரு பெயரிலும் தளத்தில் வேறு பெயரிலும் நிற்கும். முதலில் இரண்டையும் அருகருகே வைத்து ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதுதான் உண்மையான வித்தியாசம்.

நீங்கள் அனுப்பிய கம்ப்ரசர் அறைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கிடைக்காதவை மூன்று: ‘ஏர் கம்ப்ரசர் - 1 செட்’, ‘மோட்டார்’, ‘டீசல் கம்ப்ரசர் (பழையது)’. கூடுதலாகக் கிடைத்தவை நான்கு: கம்ப்ரசர் ஒன்று, ஏர் டிரையர் ஒன்று, காற்றுத் தொட்டி ஒன்று, மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மோட்டார்.

பதிவேட்டில் ‘1 செட்’ என்று பார்த்ததுமே அந்தக் கொள்முதல் பில்லைத் தேடி எடுங்கள். 24,00,000-க்கு வாங்கிய அந்த ஒரு வரிக்குள் கம்ப்ரசர், டிரையர், தொட்டி மூன்றும் அடங்கியிருக்க வாய்ப்பு மிக அதிகம். விற்பவர் மூன்றையும் ஒரே விலையாகப் பில் போட்டிருப்பார், கணக்கில் ஏற்றியவர் அதை ஒரே வரியாக ஏற்றியிருப்பார். எண்ணப் போனவர்களோ கண்ணெதிரே மூன்று பொருள்களைப் பார்த்து மூன்றாக எழுதிவிட்டார்கள்.

கம்ப்ரசர் என்று எழுதியும் அது ஏன் பொருந்தவில்லை? உங்கள் பட்டியலில் கம்ப்ரசருக்கு நேரே இருக்கும் வரிசை எண்ணைப் பாருங்கள். அதுவும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மோட்டாரின் எண்ணும் வெவ்வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே அமைப்பில் இருக்கின்றன. எண்ணியவர் இயந்திரத்தின் பெயர்ப்பட்டையைப் படிக்கவில்லை, அதில் பூட்டியிருக்கும் மோட்டாரின் பட்டையைப் படித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். இது அடிக்கடி நடக்கும். ஒரு பெரிய இயந்திரத்தில் மோட்டாருக்கு ஒரு பட்டை, பம்புக்கு ஒன்று, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒன்று என்று நாலைந்து இருக்கும். முழு இயந்திரத்துக்கு உரிய பட்டை பெரும்பாலும் அடிச்சட்டத்தில், எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, குனிந்து பார்த்தால்தான் தெரியும் இடத்தில் இருக்கும். எண்ணப் போகிறவர்களோடு பராமரிப்புப் பிரிவு ஆள் ஒருவரை அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து, கிடைக்காத ‘மோட்டார்’. இரண்டு ஆண்டுக்கு முன் 3,60,000-க்கு வாங்கித் தனி வரியாக ஏற்றியிருக்கிறீர்கள். அது எங்கும் போகவில்லை, கம்ப்ரசருக்கு உள்ளேதான் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பழைய மோட்டார் எரிந்துபோய்ப் புதியது மாட்டியிருப்பார்கள். கழற்றிய பழையதுதான் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது. பராமரிப்புப் பதிவில் அந்தத் தேதியைப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஆக, மூன்றும் நான்கும் என்று இருந்தது ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பழைய டீசல் கம்ப்ரசர் மட்டும்தான் இன்னும் தேட வேண்டியது.

மேலாளர் சொன்ன வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்ப்ரசர் செட்டுக்கு 15 ஆண்டு ஆயுள், நேர்கோட்டுத் தேய்மானம், கடைசி மதிப்பு இல்லை. 11 ஆண்டு ஓடிவிட்டதால் 17,60,000 தேய்மானம் போக ஏட்டில் நிற்பது 6,40,000. புதிய மோட்டாருக்குக் கம்ப்ரசரின் மீதி ஆயுளான 6 ஆண்டை வைத்திருக்கிறீர்கள். 2 ஆண்டு போக நிற்பது 2,40,000. இரண்டையும் தள்ளுபடி செய்தால் நட்டம் 8,80,000. இத்தனைக்கும் அந்தக் கம்ப்ரசர் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது! அதோடு அதே கம்ப்ரசரையும் டிரையரையும் தொட்டியையும் யாரோ மதிப்புப் போட்டு மறுபடி சேர்ப்பார்கள். வாங்காத பொருள் வந்ததுபோல ஏட்டில் ஒரு வருமானமும் முளைக்கும்.

ஆனால் இந்த அறையில் உண்மையான பிழை ஒன்று இருக்கிறது. அதை மேலாளரின் வழி கண்டுபிடித்திருக்காது. புதிய மோட்டாரைச் சேர்த்தவர்கள் பழைய மோட்டாரை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. சர்வதேசக் கணக்கியல் தரம் 16 இதில் தெளிவாக இருக்கிறது: ஒரு பாகத்தை மாற்றி, மாற்றிய செலவைச் சொத்தில் ஏற்றினால், பழைய பாகத்தின் ஏட்டு மதிப்பை நீக்க வேண்டும். அந்தப் பாகம் இதுவரை தனி வரியாக இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

பழைய மோட்டாரின் விலை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அசல் விலைப்புள்ளியில் பாகவாரியாக இருக்கலாம். அதில் மோட்டார் 3,00,000 என்று வைத்துக்கொள்வோம். 15 ஆண்டு ஆயுளுக்கு ஆண்டுதோறும் 20,000 தேய்மானம். மாற்றியது 9 ஆண்டு முடிவில் என்றால் அன்றைய ஏட்டு மதிப்பு 1,20,000. அன்றே அதை நட்டமாக எழுதியிருக்க வேண்டும். எழுதாததால் அதற்குப் பிறகும் 2 ஆண்டு தேய்மானமாக 40,000 போயிருக்கிறது, இன்று 80,000 நிற்கிறது. இப்போது நீக்க வேண்டியது: விலை 3,00,000, திரண்ட தேய்மானம் 2,20,000, நட்டம் 80,000. ஏற்கெனவே போன 40,000-த்தையும் கூட்டினால் அதே 1,20,000 வருகிறது, சரியாக இருக்கிறது. பழைய மோட்டாரைக் கழிவாக விற்றுப் பணம் வந்தால் நட்டம் அவ்வளவு குறையும். விலைப்புள்ளி கிடைக்காவிட்டாலும் கைவிட வேண்டாம். பழைய பாகத்தின் விலையைக் கண்டறிய வழியில்லை என்றால், புதிதாக மாட்டிய பாகத்தின் விலையை அதற்கு ஒரு குறியீடாக எடுத்துக்கொள்ள அந்தத் தரமே இடம் தருகிறது.

இந்தப் பிழை நடந்தது இரண்டு ஆண்டுக்கு முன். எல்லா அறைகளிலும் இப்படிச் சேர்ந்த தொகை பெரிதாக இருந்தால் அது முந்தைய ஆண்டுப் பிழை, முந்தைய ஆண்டு எண்களைத் திருத்திக் காட்ட வேண்டிவரும். சிறிதாக இருந்தால் இந்த ஆண்டுச் செலவிலேயே போய்விடும். எது பெரிது என்பதைத் தணிக்கையாளரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஆண்டு முடிவில் பேசினால் வாக்குவாதமாகிவிடும்.

சரி, டீசல் கம்ப்ரசர். ஏட்டு மதிப்பு பூஜ்யம் என்பதால் “எடுத்துவிடலாம், லாப நட்டத்தில் ஒன்றும் வராது” என்பார்கள். எண்ணளவில் உண்மைதான். விலையும் திரண்ட தேய்மானமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆனால் ஒரு முழு இயந்திரம் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது. வெளியே போன பொருள்களுக்கான கேட் பாஸ்களையும், கழிவு விற்பனை ரசீதுகளையும், ‘இதர வருமானம்’ கணக்கையும் அது காணாமல் போயிருக்கக்கூடிய காலகட்டத்துக்குப் புரட்டுங்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் விடை அங்கேதான் இருக்கும்: விற்றிருப்பார்கள், பணத்தை இதர வருமானத்தில் போட்டிருப்பார்கள், பதிவேட்டுக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ரசீதும் இல்லை, கேட் பாஸும் இல்லை என்றால் அது கணக்குப் பிரச்சினை இல்லை. நிர்வாகத்திடம் எழுத்தில் கொண்டுபோங்கள். நீக்குவதற்கான ஒப்புதலை அந்தப் பொருளைக் கையில் வைத்திருந்த பிரிவுத் தலைவரோ, எண்ணப் போனவரோ தரக் கூடாது.

இனி மற்ற அறைகள். பொருத்தும் வேலையைத் தொடங்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பதிவேட்டின் கூட்டுத்தொகை பேரேட்டோடு ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு சொத்து வகைக்கும் விலை, திரண்ட தேய்மானம் இரண்டும் தனித்தனியாக ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால், பிழையான ஒரு பட்டியலோடு தளத்தை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். பதிவேட்டை எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். எடுத்த பிறகு வந்திறங்கியவையும், பணி முடியாமல் ‘நடப்பில் உள்ள மூலதனப் பணி’ கணக்கிலேயே நிற்பவையும் அந்த 85-இல் புகுந்திருக்கும்.

பொருத்தும்போது வரிசை எண்ணில் தொடங்குங்கள், அது முடிந்ததும் தயாரிப்பாளர், மாடல், இடம் என்று வாருங்கள். கடைசியாக வாங்கிய ஆண்டையும் பில்லையும் வைத்துத் தேடுங்கள். விரிதாளில் செய்கிறீர்கள் என்றால் ஒரு பொறி இருக்கிறது. நீளமான வரிசை எண்களை எண்களாகவே ஒட்டினால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும், 15-ஆவது இலக்கத்துக்குப் பிறகு வரும் இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். நெடுவரிசையை முதலிலேயே உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். அப்படிச் செய்த பிறகும் `COUNTIF` எண் போலத் தெரியும் உரையை எண்ணாகவே நினைத்து ஒப்பிடும், அதனால் கடைசி இலக்கங்களில் மட்டும் வேறுபடும் இரண்டு எண்களை ஒன்றென்று காட்டிவிடும். இரட்டைப் பதிவு தேட இது பாதுகாப்பானது:

```
=SUMPRODUCT(--(B$2:B$1241=B2))
```

விடை 1-க்கு மேல் வந்தால் அந்த எண் இரண்டு இடத்தில் இருக்கிறது. காலியான கட்டங்களை மட்டும் முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

பொருத்தி முடித்த பிறகும் கூடுதலாக நிற்பவற்றைச் சேர்க்க அவசரப்படாதீர்கள். அவை உங்களுடையவைதானா என்ற கேள்வி முதலில் வருகிறது. நகல் எந்திரம் வாடகைக்கு வந்ததாக இருக்கலாம். அச்சுகளும் டைகளும் வாடிக்கையாளர் கொடுத்து வைத்தவையாக இருக்கலாம். அவற்றை உங்கள் பதிவேட்டில் ஏற்றினால் அடுத்தவர் சொத்தை உங்களுடையதாகக் காட்டியது போலாகும். குத்தகைப் பொருள்களுக்கு வேறு கணக்கு முறையும் உண்டு. இதன் மறுபக்கமும் இருக்கிறது: உங்கள் டைகள் ஒப்பந்தக்காரரிடம் இருக்கலாம். அவை ‘கிடைக்காத’ பட்டியலில் போய்ச் சேர்ந்திருக்கும். அவரிடமிருந்து வரிசை எண்ணோடு எழுத்து மூலம் உறுதி வாங்குங்கள், மதிப்பு பெரிதானவற்றை நேரில் போய்ப் பாருங்கள்.

உங்களுடையதுதான் என்று உறுதியானால் பில்லைத் தேடுங்கள். சிறு தொகை என்பதால் வாங்கிய ஆண்டிலேயே செலவாக எழுதியிருந்தால், அது உங்கள் கொள்கைப்படி சரிதான். மதிப்பில்லாமல் கண்காணிப்புப் பட்டியலில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். சொத்தாக ஏற்ற வேண்டியதைத் தவறுதலாகச் செலவில் எழுதியிருந்தால் அது பிழை. வாங்கிய விலையிலிருந்து இதுவரையான தேய்மானத்தைக் கழித்துத் திருத்த வேண்டும். இன்றைய சந்தை விலையை ஒட்டுவது இரண்டிலுமே தவறு.

‘நன்று’ விஷயத்துக்கு வருவோம். 1,120 பொருளும் நன்றாக இருக்கும் தொழிற்சாலை எங்கும் இல்லை. அந்த நெடுவரிசையை ஒருவர் முதல் கட்டத்தில் நிரப்பிக் கீழே இழுத்திருக்கிறார், அவ்வளவுதான். அப்படியானால் ‘இருக்கிறது’ என்று போட்ட டிக் குறிகளையும் நம்ப முடியாது. கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, “லேப்டாப் பத்து, ஆமாம் பத்து இருக்கிறது” என்று டிக் போட்டிருக்கலாம்.

முழுக்க மறுபடி எண்ணச் சொல்லவில்லை. கிடைத்ததாகச் சொன்னவற்றில் ஏட்டு மதிப்பு அதிகமுள்ளவற்றையும், எளிதில் இடம் மாறுகிற லேப்டாப், கைக்கருவி, அளவைக் கருவி போன்றவற்றில் கொஞ்சத்தையும் எடுத்து, வேறு ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். அவர் கையில் பொருளின் பெயரும் இடமும் மட்டும் இருக்கட்டும், வரிசை எண் இருக்கக் கூடாது. அதை அவர் பொருளைப் பார்த்து எழுத வேண்டும். எழுதிக் கொண்டுவந்தது பதிவேட்டோடு பொருந்தினால்தான் முதல் எண்ணிக்கைக்கு மதிப்பு. கூடவே எதிர்த் திசையிலும் செய்யுங்கள். தளத்தில் நடந்து போய்க் கண்ணில் பட்ட சில பொருள்களை எழுதிவந்து பதிவேட்டில் தேடுங்கள். பதிவேட்டிலிருந்து தளத்துக்குப் போவது இல்லாததைக் காட்டும். தளத்திலிருந்து பதிவேட்டுக்கு வருவது விட்டுப்போனதைக் காட்டும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. இரண்டிலும் பிழை கணிசமாக வரும் பிரிவை மட்டும் முழுக்க எண்ணுங்கள். ஒரே நாளில் எண்ணி, எண்ணியதும் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் காலையில் ஒரு பிரிவில் எண்ணிய டிரில் மத்தியானம் அடுத்த பிரிவிலும் எண்ணப்படும்.

நிலையை எழுத ‘நன்று, சுமார், மோசம்’ என்ற கட்டங்களையே எடுத்துவிடுங்கள். பார்க்கிறவர் எவரும் நடுவிலோ மேலேயோதான் போடுவார். பதிலாக, விடை தெரிந்தே ஆகவேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். கடைசியாக எப்போது ஓடியது? மணிக்கணக்கு மீட்டர் இன்று என்ன காட்டுகிறது? மின் இணைப்பு இருக்கிறதா? கதவைத் திறந்து பார்த்தீர்களா? கடைசிக் கேள்வி விளையாட்டுக்கு அல்ல. வெளியில் பளபளவென்று நிற்கும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பாதி மின்சுற்று அட்டைகள் இருக்காது, பக்கத்து இயந்திரம் நின்றபோது கழற்றி மாட்டியிருப்பார்கள். மீட்டர் எண்ணைப் பராமரிப்புப் பதிவின் கடைசி எண்ணோடு ஒப்பிட்டால் போதும். எட்டு மாதமாக ஒரே எண் நிற்கிறது என்றால் அது ஓடவில்லை. மீட்டரே செத்துப்போயும் இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடாத இயந்திரத்துக்கு நிறையப் பேர் தேய்மானத்தை நிறுத்திவிடுகிறார்கள். நேர்கோட்டு முறையில் அப்படி நிறுத்தக் கூடாது, சும்மா நின்றாலும் தேய்மானம் ஓடும். செய்ய வேண்டியது வேறு: நீண்ட நாள் ஓடாமல் நிற்பதும், உடைந்திருப்பதும் மதிப்பு குறைந்ததற்கான அறிகுறிகள். விற்றால் செலவு போக எவ்வளவு கிடைக்கும், வைத்து ஓட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்ற இரண்டில் பெரியதைப் பார்த்து, ஏட்டு மதிப்பு அதைவிட அதிகமாக நின்றால் வித்தியாசத்தை நட்டமாக எழுத வேண்டும். மறுபக்கம், ஏட்டில் பூஜ்யமாகி இன்னும் தினமும் ஓடும் இயந்திரங்களும் உங்கள் பட்டியலில் நிறைய இருக்கும். அவற்றை நீக்காதீர்கள். ஆயுளைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறோம் என்றுதான் அவை சொல்கின்றன. அதே வகையில் இன்னும் தேய்ந்துகொண்டிருப்பவற்றின் ஆயுளை ஆண்டு முடிவில் மறுபரிசீலனை செய்ய அது நல்ல ஆதாரம்.

மேலாளரிடம் இந்தக் கம்ப்ரசர் அறைக் கணக்கையே முதலில் காட்டுங்கள். 8,80,000-க்கும் 80,000-க்கும் உள்ள தூரம் அவருக்குப் புரியும். அப்புறம், பொருத்தி முடித்த ஒவ்வொரு வரிக்கும் புதிய டேக் அடிக்கும்போது அதை மோட்டார் மேலோ கழற்றக்கூடிய மூடி மேலோ ஒட்ட விடாதீர்கள். மூடி சர்வீசுக்குப் போனால் டேக்கும் கூடவே போகும், திரும்பி வரும்போது வேறு இயந்திரத்தில் ஏறியிருக்கும். அடிச்சட்டத்தில் ஒட்டச் சொல்லுங்கள், அங்கே எண்ணெயும் சூடும் படும் என்றால் தகட்டை ரிவெட் அடித்தே பொருத்தச் சொல்லுங்கள். டிரையருக்கும் தொட்டிக்கும் தனி வரி வேண்டாம் என்று முடிவெடுத்தால், கம்ப்ரசரின் எண்ணோடு -1, -2 என்று சேர்த்துத் துணை டேக் கொடுங்கள். அடுத்த ஆண்டு எண்ணப் போகிறவர் மூன்றையும் பார்த்து மூன்று புதுப் பொருள் என்று எழுதிவர மாட்டார்.